'ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்றாங்க... ஆனா நடந்துக்கிறது வேற மாதிரி இருக்கு. எதை நம்புறது?

கேள்வி:

"எனக்கு 29 வயசு. ஆம்பூர் பக்கத்துல கிராமம். வாணியம்பாடியில ஒரு டேனரியில ஃபினிஷிங் செக்‌ஷன்ல வேலை பார்க்கிறேன். மனைவிக்கு 26 வயசு. ஷூ கம்பெனியில தையல் லைன்ல இருக்காங்க. கல்யாணமாகி மூணு வருஷம். அம்மா, தம்பி எல்லாரும் ஒரே வீட்டுலதான் இருக்கோம்.

ரெண்டரை மாசமா அவங்ககிட்ட ஏதோ சரியில்ல. முன்னெல்லாம் கம்பெனி பஸ்ல இருந்து இறங்கினதும் லைன்ல நடந்ததையெல்லாம் சொல்லுவாங்க. டார்கெட் முடியலன்னு சூப்பர்வைசர் கத்தினது, பக்கத்து மெஷின் அக்கா கொண்டுவந்த குழம்பு, எல்லாமே. இப்ப எதுவும் கிடையாது. கேட்டா 'ம்'. நான் சாப்பிட்டு முடிச்ச அப்புறம்தான் சாப்பிடுறாங்க. பாத்திரம் வைக்கிற சத்தம் ரெண்டு வீடு தள்ளிக் கேக்குது. ராத்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிறாங்க. 'என்னாச்சு?'ன்னு கேட்டா 'ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்'. திரும்பக் கேட்டா 'அதான் சொல்லிட்டேனே'ன்னு கோபம்.

எங்களுக்குள்ள சண்டையே கிடையாது. தீபாவளிக்குத் துணி எடுத்தோம், போனஸ் வந்தது, தங்கச்சி வளைகாப்பு நல்லபடியா முடிஞ்சது. எல்லாம் நல்லாத்தான் போச்சு. அவங்க வாயை நம்புறதா, நடந்துக்கிறதை நம்புறதா? என்னைப் பிடிக்காமப் போயிடுச்சா?"

(அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

பதில்:

இந்த மாதிரிக் கேள்விகள் எங்களுக்கு வாரத்துக்கு ஒன்றாவது வரும். பாதிக்கு மேல் மனைவிகள், கணவர் பேசுவதில்லை என்று எழுதுவார்கள். இது மறுபக்கத்திலிருந்து வந்திருக்கிறது. பாத்திரச் சத்தத்தைக்கூட விடாமல் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால், உங்கள் கேள்வியில் சின்னதாக ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. வாயா, செய்கையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். இரண்டும் சொல்வது வேறு வேறு விஷயம்.

செய்கை, 'ஏதோ இருக்கு' என்று சொல்லும். அதைத் தாராளமாக நம்பலாம். ஆனால் அந்த 'ஏதோ' என்ன என்பதைச் செய்கை சொல்லாது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பது கோபமாக இருக்கலாம், தோள்பட்டை வலியாக இருக்கலாம், அழுதது தெரியக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். 'பிடிக்காமப் போயிடுச்சா' என்று நீங்களே ஒரு காரணத்தை எழுதிக்கொண்டீர்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள்.

'93 சதவிகிதம் பாடி லாங்வேஜ்' என்பது பற்றி...

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். 'நாம் பேசுவதில் வார்த்தைக்கு 7 சதவிகிதம்தான் மதிப்பு, மீதி 93 சதவிகிதம் குரலும் முகமும்தான்' என்று கோட் போட்ட ஒருவர் சொல்வார். இந்தக் கணக்கு ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. அவர் சோதித்தது மிகச் சின்ன விஷயம். ஒற்றை வார்த்தைகளை வெவ்வேறு குரலில், வெவ்வேறு முகத்தோடு காட்டி, 'இவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா, இல்லையா' என்று ஊகிக்கச் சொன்னார். வார்த்தையும் குரலும் மோதும்போது மக்கள் குரலையும் முகத்தையும்தான் நம்புகிறார்கள் என்று தெரிந்தது. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

அதாவது, உங்கள் மனைவியின் 'நல்லாத்தான் இருக்கேன்' உங்களுக்கு உறுத்தியது நியாயமே. அந்த உறுத்தலை வைத்துக்கொண்டு அவர் மனதில் ஓடுவதை வரிவரியாகப் படித்துவிட முடியாது.

'மூணு வருஷமா கூடவே இருக்கேன், எனக்குத் தெரியாதா?' என்று தோன்றும். கென்னத் சாவிட்ஸ்கி, போவாஸ் கீசர் என்ற இரண்டு ஆய்வாளர்களும் அவர்கள் குழுவும் 2011-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கணவன் மனைவியை முதுகைக் காட்டி உட்காரவைத்து, பல அர்த்தம் வரக்கூடிய சாதாரண வாக்கியங்களைச் சொல்லவைத்தார்கள். 'இங்க ரொம்பப் புழுக்கமா இருக்குல்ல' மாதிரி. ஃபேன் போடச் சொல்கிறாரா, கிளம்பலாம் என்கிறாரா, வேறு ஏதாவதா? கட்டியவர்கள் முன்பின் தெரியாதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 'சரியாப் புரிஞ்சிருப்பாங்க' என்ற நம்பிக்கை மட்டும் அவர்களுக்குத்தான் அதிகம். இது இரண்டு பக்கமும் வேலை செய்யும். நீங்கள் 'எனக்குப் புரியும்' என்று நினைப்பீர்கள். அவர், 'இவ்வளவு சத்தமாப் பாத்திரம் வெச்சும் இவருக்குப் புரியலையா' என்று நினைப்பார்.

இது ஊடல் இல்லை

'பொண்ணுங்கன்னா அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சினா சரியாகிடும்' என்று டீக்கடையில் ஒரு அண்ணன் சொல்வார். அவர் சொல்வது ஊடல். அது நம் ஊருக்குப் புதிதல்ல. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் அதைப் பற்றியவைதான். ஊடலில் ஓர் ஓரப்பார்வை இருக்கும். சமாதானம் செய்ய வருகிறாரா என்று எதிர்பார்ப்பு இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் முடியும். பழைய உரைகாரர்களுக்கே இந்த வித்தியாசம் தெரியும். பரிமேலழகர், சின்னப் பிணக்கைப் புலவி என்றும், அது முற்றிப்போனதைத் துனி என்றும் பிரிக்கிறார். ரெண்டரை மாதம், அதுவும் ஓரப்பார்வைகூட இல்லாமல் என்றால், மல்லிகைப்பூவும் பிரியாணியும் வேலைக்கு ஆகாது. 'வாங்கிட்டு வந்தேனே, இன்னும் என்ன?' என்று உங்களுக்கும் கோபம் வந்து சேரும், அவ்வளவுதான்.

எப்போது தொடங்கியது?

காரணத்தைத் தேடுவதற்கு முன் தேதியைத் தேடுங்கள். அவர் இயல்பாக எப்படி இருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேசுவார். அது கடைசியாக நடந்தது எந்த நாள்? அந்த வாரத்தில் வீட்டில் என்ன நடந்தது? பணம் எங்கே போனது, யார் வந்தார்கள், எந்த முடிவு எடுக்கப்பட்டது?

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். 'சண்டையே கிடையாது' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தீபாவளி, போனஸ், வளைகாப்பு என்று மூன்றையும் வரிசையாக வைத்திருக்கிறீர்கள். ரெண்டரை மாதம் என்ற கணக்கும் அங்கேதான் போய் நிற்கிறது. வந்தது யார் போனஸ்? வளைகாப்புச் செலவுக்குப் போனது யார் பணம்? கொடுக்கலாமா என்று அவரிடம் கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்?

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் போனஸ் என்பது வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் கைக்கு வரும் பணம். மாதச் சம்பளம் வாடகை, சீட்டு, மளிகை என்று கரைந்துவிடும். போனஸுக்குத்தான் அவர்கள் மனதில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். என் ஊகம், உங்கள் வீட்டுப் பிரச்னை அந்தப் பணம்தான். ஆனால் இதுவும் ஊகம்தான். நான்கு வரி முன்னால் 'செய்கையை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்காதீர்கள்' என்று சொன்ன நானே கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டேன். அதனால் இதை அவரிடம் தீர்ப்பாகக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்.

'என்னாச்சு?' ஏன் வேலை செய்வதில்லை?

'என்னாச்சு?' என்பது சின்னக் கேள்வி போலத் தெரியும். பதில் சொல்பவருக்கு அது மலை. ரெண்டரை மாத விஷயத்தை எடுத்து, வரிசைப்படுத்தி, உங்கள் அம்மா காதில் விழாமல், தப்பாகப் புரிந்துகொள்ளப்படாமல் சொல்ல வேண்டும். காலையிலிருந்து தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு 'ஒண்ணும் இல்ல' என்பது எவ்வளவு சுலபம்! அது பெரும்பாலும் பொய்கூட இல்லை. 'இப்ப வேண்டாம்', 'இங்க வேண்டாம்', 'சொன்னாலும் ஒண்ணும் மாறப்போறதில்ல' என்ற மூன்றில் ஏதோ ஒன்று.

முதலில் இடத்தை மாற்றுங்கள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மாமியாரும் கொழுந்தனாரும் இருக்கும் வீட்டில் எந்த மருமகளும் மனதைத் திறக்க மாட்டார். வண்டியில் போகும்போது, சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில், பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓரமாக நிறுத்தி... இந்த மாதிரி இடங்கள் நல்லது. முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது பலருக்குச் சுலபம். நேரமும் முக்கியம். ஷிஃப்ட் முடிந்து வந்த அரை மணி நேரத்துக்குள் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நல்லது.

கேட்பதற்குப் பதிலாகச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்று. 'நீ மாறிட்டே', 'முன்ன மாதிரி இல்ல' என்பதெல்லாம் பார்த்தது அல்ல, தீர்ப்பு. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"முன்னெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் கம்பெனிக் கதையெல்லாம் சொல்லுவே. தீபாவளிக்கு அப்புறம் சொல்றதில்ல. என்னால ஏதோ ஆகியிருக்கும்னு தோணுது. என்னன்னு எனக்குத் தெரியல. இப்பவே சொல்லணும்னு இல்ல."

இதில் கடைசி வரிதான் முக்கியம். நிஜமாகவே இப்போதே சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். 'ஒண்ணும் இல்ல' என்று வந்தால், "சரி. இப்ப இல்லையா, ஒண்ணுமே இல்லையா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். இதுவரை அவருக்கு இருந்தது இரண்டு வழிதான். எல்லாவற்றையும் கொட்ட வேண்டும், அல்லது 'ஒண்ணும் இல்ல' என்று மூட வேண்டும். 'இப்ப இல்ல' என்று மூன்றாவது வழி ஒன்றை இந்தக் கேள்வி திறந்துவிடுகிறது. அந்தப் பதில் வந்தால், பிரச்னை இருப்பதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார், பிறகு பேசவும் சம்மதிக்கிறார் என்று அர்த்தம். அதன் பிறகு மூன்று நான்கு நாள் அதைத் தொடாதீர்கள். தினமும் கேட்டால் விசாரணை ஆகிவிடும். நீங்கள் ஃபினிஷிங்கில் இருப்பவர், உங்களுக்குத் தெரியும். வெடிப்பு இருக்கிறதா என்று ஒரே இடத்தை மடித்து மடித்துப் பார்த்தால், இல்லாத வெடிப்பும் வந்துவிடும்.

அவர் பேசும்போது நீங்கள் செய்யும் தப்பு

முதலில் வருவது பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும். 'அன்னிக்கு நீங்க என்கிட்ட கேட்ட விதம்...' என்று ஆரம்பிப்பார். 'இதுக்கா ரெண்டு மாசம்?' என்று கேட்டீர்கள் என்றால் கதை முடிந்தது. அடுத்த ரெண்டரை மாதம் தொடங்கிவிடும். 'நான் எதுக்காக அப்படிச் செஞ்சேன்னா...' என்ற விளக்கமும் அப்போது வேண்டாம். 'அப்புறம்?' என்று மட்டும் கேளுங்கள்.

உங்களுக்கே நெஞ்சு படபடக்கும். அமெரிக்காவில் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் பேசவைத்து இதயத் துடிப்பை அளந்த ஜான் காட்மன், நிமிஷத்துக்கு 100 துடிப்பைத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் சரியாக ஏறாது என்கிறார். இறங்குவதற்குக் குறைந்தது 20 நிமிஷம் ஆகும். அந்த நிலை வந்தால், 'எனக்குக் கொஞ்ச நேரம் வேணும், அரை மணி நேரத்துல திரும்ப வர்றேன்' என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவதுதான் இதில் பாதி வேலை. சொல்லாமல் எழுந்து போனால் அதுவும் ஒரு 'ஒண்ணும் இல்ல'தான்.

அவருடைய அம்மாவுக்கு ஃபோன் போட்டு விசாரிப்பது, போனை எடுத்துப் பார்ப்பது, 'நீ பேசலைன்னா நானும் பேசல' என்று பதிலுக்கு மௌனம் காப்பது... இந்த மூன்றையும் நிறையப் பேர் செய்கிறார்கள். மூன்றுமே அவர் சொல்லாததற்கு ஒரு நல்ல காரணத்தை அவர் கையில் கொடுக்கும்.

இதைப் படிக்கும் 'நல்லாத்தான் இருக்கேன்' ஆட்களுக்கு ஒரு வார்த்தை. அடக்கிவைத்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். எமிலி பட்லரும் அவருடைய குழுவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத பெண்களை ஜோடியாக உட்காரவைத்து மனதைப் பாதிக்கும் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும், 'உணர்ச்சியை வெளியே காட்டாதே' என்று ரகசியமாகச் சொல்லிவைத்தார்கள். அந்த ஜோடிகளில், எதுவுமே தெரியாமல் எதிரில் உட்கார்ந்திருந்தவரின் ரத்த அழுத்தமும் ஏறியது. ஒருவர் மூடிவைப்பதற்கு இன்னொருவர் உடம்பும் சேர்ந்து விலை கொடுக்கிறது.

எங்கே இது பொருந்தாது?

ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக அவர் 'எனக்குச் சரியில்ல' என்று சொன்னபோது என்ன நடந்தது? கத்தினீர்களா, கிண்டல் செய்தீர்களா, அம்மாவிடம் போய்ச் சொன்னீர்களா? அப்படியென்றால் அவர் மூடிக்கொள்வது பாதுகாப்புக்காக. எப்படிக் கேட்பது என்பதைவிட, முதலில் அது மாற வேண்டும். அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் இந்தப் பதில் எதற்கும் உதவாது. அந்த நிலையில் இருக்கும் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

இன்னொன்று, கோபம் இல்லாத மௌனம். யாரிடமும் பேசுவதில்லை, பிடித்த எதிலும் ஆர்வம் இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது, வேலைக்குப் போகவே முடியவில்லை. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். உங்களிடம் மட்டும் பேசாமல் கம்பெனித் தோழிகளோடு சிரித்துப் பேசுகிறார் என்றால் விஷயம் உங்கள் இருவருக்கும் இடையில் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லோரிடமும் ஒரே மாதிரி என்றால் மருத்துவரைப் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி-யின் மனநல மையம் இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். சாக வேண்டும் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே அழையுங்கள்.

அவர் திரும்ப எழுதியது

இந்தப் பதிலை வெளியிடுவதற்கு முன்பே அந்த வாசகருக்கு மெயிலில் அனுப்பியிருந்தேன். ஐந்து வாரம் கழித்து எழுதினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை 'ஒண்ணும் இல்ல' என்றே வந்ததாம். 'இப்ப இல்லையா, ஒண்ணுமே இல்லையா?' என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இறங்கி நடந்துவிட்டார். இவருக்குக் கோபம், என் மேலும்தான். ஆனால் திரும்பக் கேட்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரி அவராகவே, 'ஞாயித்துக்கிழமை வண்டியில போலாமா?' என்று கேட்டிருக்கிறார்.

விஷயம் போனஸ்தான். என் ஊகம் பாதி சரி, முக்கியமான பாதி தப்பு. பணம் கொடுத்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. நாத்தனார் மேல் பாசம் உண்டு, தனியாகக் கேட்டிருந்தால் சந்தோஷமாகவே கொடுத்திருப்பாராம். அன்றைக்கு அம்மா, தம்பி, தங்கச்சி வீட்டுக்காரர் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "இவ போனஸ் இருக்குல்ல, அதுல செஞ்சிடலாம். என்ன, ஓகேதானே?" என்று இவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். 'அத்தை முன்னாடி, மாப்பிள்ளை முன்னாடி நான் வேற என்ன சொல்லிட முடியும்?' என்று கேட்டாராம். அன்றைக்குச் சொன்ன 'ஓகே'தான் அந்த ரெண்டரை மாதத்தின் முதல் 'நல்லாத்தான் இருக்கேன்'.

"அவங்க ஓகேன்னு சொன்னது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்துச்சு, யார் முன்னாடி கேட்டேன்கிறது ஞாபகமே இல்ல" என்று எழுதியிருக்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் எழுதவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கதை சொல்வது வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடக்கிறதாம். மற்ற நாள்களில் பழைய 'ம்'தான். போன வாரம் ஒருநாள் பாத்திரச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டதும் சமையல்கட்டுக்குப் போய், "இப்ப இல்லையா, ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். "தோள்பட்டை வலிங்க. ரெண்டு பேர் லீவு, நானே ரெண்டு மெஷின் பார்த்தேன். நீங்க போய் சாப்பிடுங்க" என்று பதில் வந்திருக்கிறது.